வெளிநாட்டு யுனிவர்சிட்டி சீட்டை ஒரு வருஷம் தள்ளிவைக்க வேண்டுமா? கடிதத்தில் எழுத வேண்டியது என்ன? முழு விவரம்

இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்க சீட் கிடைத்துவிட்டது. முன்பணமும் கட்டியாச்சு. அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவருக்கு பெரிய அறுவை சிகிச்சை, அல்லது வேலை பார்க்கும் இடத்தில் பாதியில் விட முடியாத பொறுப்பு. சீட்டை விட்டுவிட வேண்டியதுதானா? தேவையில்லை. அதே சீட்டை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். இதைத்தான் 'டெஃபரல்' என்கிறார்கள். ஆனால் இது மாணவரின் உரிமை அல்ல. கொடுப்பதும் மறுப்பதும் பல்கலைக்கழகத்தின் முடிவு. அந்த முடிவுக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது நீங்கள் அனுப்பும் ஒரு பக்கக் கடிதம்தான்.

எப்போது கேட்க வேண்டும்?

போக முடியாது என்று தெரிந்த உடனேயே கேட்டுவிட வேண்டும். காரணம், 'காஸ்' எனப்படும் எண். மாணவர் விசாவுக்காக பல்கலைக்கழகம் கொடுக்கும் உறுதிச் சான்று இது. கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இதை வைத்து விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அதனால் இந்த ஆண்டு வாங்கிய காஸ் அடுத்த ஆண்டுக்கு உதவாது.

காஸ் வாங்கும் முன்பே கேட்டுவிட்டால் வேலை சுலபம். ஆஃபர் லெட்டரில் ஆண்டை மாற்றினால் போதும். விசாவே கைக்கு வந்த பிறகு கேட்டால், பல்கலைக்கழகம் அதை அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விசா ரத்தாகும். அடுத்த ஆண்டு புது காஸ், புது விண்ணப்பம், மறுபடியும் விசா கட்டணம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இன்னொரு எச்சரிக்கை. விண்ணப்ப போர்ட்டலில் சேர்க்கையை மறுப்பதற்கோ, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கோ ஒரு பட்டன் இருக்கும். "இந்த வருஷம் வரலைன்னு சொல்லத்தானே" என்று அதை அழுத்திவிடக் கூடாது. அழுத்தினால் சீட் போய்விடும். தள்ளிவைக்க எதுவும் மிஞ்சாது.

காரணம் மட்டும் போதாது

பலரும் எழுதுவது இப்படித்தான்: "எதிர்பாராத குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த ஆண்டு சேர இயலவில்லை. தயவுசெய்து ஓராண்டு அவகாசம் தரவும்." இதைப் படிக்கும் அட்மிஷன் அதிகாரிக்கு மூன்று கேள்விகள் எழும். என்ன சூழ்நிலை? அதற்கு நீங்கள்தான் இருக்க வேண்டுமா? அடுத்த ஆண்டு மட்டும் எப்படி வர முடியும்? இதில் மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான கடிதங்களில் பதிலே இருக்காது. பிரச்சனை எப்போது முடியும் என்று தெரியாவிட்டால், ஒரு இடத்தை ஓராண்டு பிடித்துவைக்க அவர்கள் யோசிப்பார்கள்.

ஒரு உதாரணம்

திருப்பூர் மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2026 செப்டம்பரில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் சேர வேண்டும். அப்பாவுக்கு ஆகஸ்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. சிறுநீரகம் தருவது அம்மா. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஓய்வில் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே பிள்ளை இவர்தான். கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் சேர்க்கையை 2026 செப்டம்பரிலிருந்து 2027 செப்டம்பருக்கு மாற்றக் கோருதல். விண்ணப்ப எண்: …
>
> மதிப்பிற்குரிய சேர்க்கைப் பிரிவினருக்கு,
>
> மேற்கண்ட படிப்பில் எனக்கு இடம் கிடைத்துள்ளது. அதை ஏற்று முன்பணமும் செலுத்தியுள்ளேன். இன்னும் காஸ் பெறவில்லை. இந்த இடத்தை 2027 செப்டம்பருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> என் தந்தைக்கு வரும் ஆகஸ்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்க உள்ளது. என் தாய்தான் சிறுநீரகம் தருகிறார். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. இருவரையும் கவனித்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. தந்தைக்கு முதல் சில மாதங்கள் அடிக்கடி பரிசோதனை தேவைப்படும் என்றும், ஓராண்டு நெருக்கமான கண்காணிப்பு வேண்டும் என்றும் மருத்துவர் கூறியுள்ளார். மருத்துவமனைக் கடிதத்தை இணைத்துள்ளேன்.
>
> இந்தப் படிப்பு செப்டம்பரில் மட்டுமே தொடங்குவதால் ஓராண்டு கேட்கிறேன். 2027 கோடைக்குள் கண்காணிப்புக் காலம் பெரும்பாலும் முடிந்துவிடும். தாயும் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பியிருப்பார். என் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2027 ஜூனில் காலாவதியாவதால், தேவைப்பட்டால் மீண்டும் எழுதத் தயாராக இருக்கிறேன்.
>
> நான் செலுத்திய முன்பணமும் ஆஃபர் நிபந்தனைகளும் அடுத்த ஆண்டுக்குத் தொடருமா என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு வருஷம் எதற்கு என்ற பதில். சில படிப்புகளுக்கு ஜனவரியிலும் சேர்க்கை உண்டு. அப்படி இருந்தால், "ஜனவரியில் வரலாமே" என்று கேட்பார்கள். ஜனவரி ஏன் சரிப்படாது என்பதைக் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

வேலைதான் காரணம் என்றால்?

"ஆபீஸில் விட மாட்டேங்கிறாங்க" என்பது போதாது. ஒப்பந்தப்படி எந்தத் தேதி வரை பணியில் இருக்க வேண்டும், எந்தப் பொறுப்பு, அதை ஏன் வேறு ஒருவரிடம் ஒப்படைக்க முடியாது என்பதை எழுத வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்பேடில், தேதியோடு ஹெச்.ஆர். கடிதம் இணைக்க வேண்டும். பொறுப்பு முடியும் தேதி அடுத்த ஆண்டு படிப்பு தொடங்கும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஆதாரம், அனுப்பும் முறை

மருத்துவக் காரணத்துக்கு முழு ஃபைலையும் ஸ்கேன் செய்து அனுப்பத் தேவையில்லை. நோயாளியின் பெயர், சிகிச்சை, தேதி, எவ்வளவு காலம் கவனிப்பு தேவை என்று மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். நோயாளிக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்பது அந்தக் கடிதத்தில் இல்லையென்றால், பிறப்புச் சான்றிதழ் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம்.

பல பல்கலைக்கழகங்களில் டெஃபரலுக்குத் தனிப் படிவம் உண்டு. இருந்தால் அதில்தான் கேட்க வேண்டும். கன்சல்டன்சி மூலம் விண்ணப்பித்தவர்கள் அவர்களிடம் சொல்வதோடு நிறுத்திவிடாமல், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான மெயிலின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓகே என்று பதில் வந்தால்?

பதிலில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது, புது ஆண்டு குறிப்பிட்ட திருத்திய ஆஃபர் லெட்டர். "பரிசீலிக்கிறோம்" என்ற மெயில் அதற்குச் சமம் ஆகாது. இரண்டாவது, கட்டணம். பெரும்பாலும் அடுத்த ஆண்டின் கட்டணத்தைத்தான் கட்டச் சொல்வார்கள். மூன்றாவது, ஸ்காலர்ஷிப். சீட் தொடர்ந்தாலும் ஸ்காலர்ஷிப் தானாகத் தொடராது; பல இடங்களில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தொகை பெரிதாக இருந்தால், டெஃபரலை உறுதி செய்யும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் தெரிவித்து, பணம் விடுவிப்பதை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். விசாவுக்கான காசநோய் பரிசோதனைச் சான்று 6 மாதத்துக்குத்தான் செல்லும். வங்கிக் கணக்கில் தேவையான பணம் தொடர்ந்து 28 நாள் இருந்ததையும் விண்ணப்பிக்கும் சமயத்தில்தான் காட்ட வேண்டும். ஆகவே இந்த இரண்டையும் இப்போது செய்யத் தேவையில்லை. அடுத்த ஆண்டு புது காஸுக்கான நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மறுத்துவிட்டால்? அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம். இரண்டாவது முறை இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. முன்பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் ரீஃபண்ட் விதியைப் பொறுத்தது. அந்த விதியில் கடைசித் தேதி இருக்கும் என்பதால், மறுப்பு வந்த அன்றே அதைத் திறந்து படித்துவிட வேண்டும்.