இரு பத்தி எழுத்துப்படி

விளக்கக் காணொளிக்கான எழுத்துப்படியை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதும் முறை. வழக்கமாக இடப்பத்தியில் திரையில் தெரிவதும், வலப்பத்தியில் அப்போது ஒலிக்கும் குரலுரையும் இடம்பெறும். ஒவ்வொரு வரிசையும் ஒரு காட்சியையும் அதற்குரிய பேச்சையும் இணைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு பௌர்ணமியிலும் சந்திர கிரகணம் ஏன் வருவதில்லை என்பதை விளக்கும் காணொளியில் ஒரு வரிசை:

| காட்சி | குரல் |
|---|---|
| பூமியின் பாதை கிடையாக; நிலவின் வளையம் மெல்லச் சாய்கிறது. எழுத்து: 5° | நிலவின் பாதை சற்றே சாய்ந்திருக்கிறது. அதனால் பல பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ கடந்துவிடுகிறது. |

இங்கே குரல் காரணத்தைச் சொல்கிறது. சாய்வின் அளவைப் படம் காட்டுகிறது. குரலின் வாக்கியத்தையே திரையிலும் எழுதினால், பார்ப்பவர் படிப்பதா கேட்பதா எனத் தடுமாறுவார்.

பொதுவாகக் குரலுரை முதலில் எழுதப்படும். பின்னர் கடிகாரத்தை வைத்து அதை உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிசையின் நேரமும் குறிக்கப்படும். குரல் இருபது வினாடி ஓட, எதிரே அசையாத ஒரே படம் இருந்தால், அந்த வரிசையை உடைக்க வேண்டும். காட்சிப்பத்தி வெறுமையாக நின்றால், அந்தக் கருத்து இன்னும் காட்சியாகவில்லை என்று பொருள்.

சட்டக அமைப்பையும் அசைவின் வேகத்தையும் இம்முறை முழுமையாகக் காட்டாது. அதற்குக் கதைப்பலகை தேவை.