பாணி மாதிரிப்படங்களும் நிலைச்சொற்களும்: பிராண்ட் ஓவியங்களில் ஒருமை காத்தல்

ஒரு பிராண்டின் பல பொருள்களுக்குரிய ஓவியங்கள் யாவும் ஒரே கையால் வரையப்பட்டவை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு ஒவ்வொரு முறையும் அதே மாதிரிப்படங்களையும் அதே சொற்றொகுதியையும் சேர்த்தே கொடுக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது. பாணி மாதிரிப்படம் என்பது, அதில் உள்ள பொருளை விட்டுவிட்டு, அது வரையப்பட்டிருக்கும் விதத்தை மட்டும் பின்பற்றுமாறு கருவிக்குக் காட்டப்படும் படமாகும். வரையப்படும் பொருள் எதுவாயினும் கட்டளை வாசகத்தில் ஓரெழுத்தும் மாறாமல் திரும்பத் திரும்ப இடம்பெறும் சொற்கள் நிலைச்சொற்கள் எனப்படும். பரவலாகப் பயன்படும் மிட்ஜர்னி கருவியில் பாணி மாதிரிப்பட வசதி 2024 பிப்ரவரியில் `--sref` என்ற குறியீட்டுடன் அறிமுகமானது.

சொற்கள் மட்டும் போதாமைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும், கருவி பயின்ற படங்களில் அப்பொருள் பெரும்பாலும் எவ்வாறு காணப்பட்டதோ அந்தத் தோற்றத்தையும் தன்னுடன் இழுத்துவருகிறது. ஆகவே, ஒரே பாணிச் சொற்களுடன் இஞ்சியைக் கேட்டால் தாவரவியல் நூலின் படம் போன்ற ஒன்றும், கண்ணாடிக் குடுவையைக் கேட்டால் விளம்பர ஒளிப்படத்தின் பளபளப்பு ஏறிய ஒன்றும் வரக்கூடும். படங்கள் மட்டும் இருந்தாலும் போதாது. மாதிரிப்படம் ஓவியமாக இருந்தும் கட்டளை வாசகம் ஒளிப்படத்தின் பக்கம் சாயுமானால், 'ஓவியம்' என்பதைச் சொல்லாலும் குறிப்பிட வேண்டியிருக்கலாம் என்று மிட்ஜர்னி நிறுவனமே அறிமுகத்தின்போது தெரிவித்தது. கோட்டின் நடுக்கம், வண்ணத்தின் படிவு, தாளின் சொரசொரப்பு போன்ற சொல்லில் அடங்காதவற்றைப் படம் ஏற்கிறது. ஊடகம், பின்னணி, நிழல் விழும் திசை போன்ற, படத்தைப் பார்த்துக் கருவி பலவாறாகப் பொருள்கொள்ளக்கூடியவற்றைச் சொல் உறுதிசெய்கிறது.

மிட்ஜர்னியின் உள்ளமைப்பு வெளியிடப்படவில்லை. எனினும் 2023-இல் வெளியான ஐபி-அடாப்டர் என்னும் திறந்த முறை, இவ்விரண்டும் எவ்வாறு சேர்ந்து இயங்கக்கூடும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் சொற்களிலிருந்து பெறப்படும் கூறுகளும் படத்திலிருந்து பெறப்படும் கூறுகளும் தனித்தனி வழிகளில் உருவாக்கும் வலையமைப்புக்குள் நுழைந்து, பின்னர் ஓர் எடையளவின்படி கூட்டப்படுகின்றன. படத்தின் வழியாக வருவது பாணி மட்டுமன்று. பொருளின் வடிவமும் உடன் வருகிறது. மாதிரிப்படத்திலுள்ள பொருள் புதிய படத்தில் அழையாமல் வந்து நிற்கும் இக்குறையைப் பொருட்கசிவு எனலாம். இம்முறையைக் கையாள்வோர் எதிர்கொள்ளும் முதன்மையான தொல்லை இதுவே.

பொருட்கசிவைத் தடுக்கும் சிறந்த வழி மாதிரிப்படங்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே உள்ளது. மூன்று மாதிரிகளும் கோப்பைகளாக இருந்தால், கோப்பையின் வளைவையும் பாணியின் ஒரு பகுதியாகக் கருவி எடுத்துக்கொள்ளும். ஒன்றில் பழம், இன்னொன்றில் கட்டடம், மற்றொன்றில் பறவை என்று பொருள்கள் வேறுபட்டு, கோடும் வண்ணத் தொகுதியும் பின்னணியும் மட்டும் பொதுவாக இருந்தால், அந்தப் பொதுக்கூறுகள் ஒன்றையொன்று வலுப்படுத்த, பொருள்களின் வடிவங்கள் நீர்த்துப்போகின்றன. இம்மாதிரிகளைப் பிராண்டே ஓர் ஓவியரிடம் ஊதியம் கொடுத்து, இப்பயன்பாட்டுக்கு அவருடைய ஒப்புதலையும் பெற்று வரையச் செய்வது உரிமை நோக்கிலும் தர நோக்கிலும் மேலானது. வாழும் ஓவியர் ஒருவரின் படைப்புகளை அவர் அறியாமல் மாதிரியாக்குவது நேர்மையான வழி ஆகாது.

எடுத்துக்காட்டாக, இஞ்சி, ஏலம், துளசி, எலுமிச்சைப்புல் ஆகிய நான்கு சுவைகளில் தேயிலை விற்கும் ஒரு பிராண்டைக் கொள்ளலாம். இஞ்சிப் படத்துக்குரிய கட்டளை வாசகம் பின்வருமாறு அமையும்.

```
a ginger root with two tea leaves, flat gouache illustration,
thin brown outline, muted ochre and sage green palette,
soft shadow at lower right, plain cream background
--ar 4:5 --sref URL1 URL2 URL3 --sw 200 --v 7
```

முதல் காற்புள்ளி வரையுள்ள பகுதி மட்டுமே அடுத்த படத்துக்கு மாறும். எஞ்சியவை நான்கு படங்களுக்கும் எழுத்து மாறாமல் படியெடுக்கப்படும். `thin` என்பதற்குப் பதில் ஒருமுறை `delicate` என்று எழுதினாலும் கோட்டின் தன்மை நகரக்கூடும் என்பதால், ஒத்த பொருளுடைய சொல்லையும் இங்கே புகுத்துவதில்லை. மாதிரிப்படங்களோடு முரண்படும் நிலைச்சொல்லும் கேடு விளைவிக்கும். மாதிரியில் கோடே இல்லாதபோது வாசகம் கோட்டைக் கேட்டால், ஒரு படத்தில் கோடு வரும், அடுத்ததில் வராது. எனவே நிலைச்சொற்கள், மாதிரிகளை எதிரே வைத்துக்கொண்டு, அவற்றில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விவரித்து எழுதப்பட வேண்டியவை.

`--sw` என்பது மாதிரிப்படங்களின் பாணிக்குத் தரப்படும் எடையாகும். அது 0 முதல் 1000 வரை அமையும், இயல்பு மதிப்பு 100. உரிய எடையை அறிய, ஒரே கட்டளை வாசகத்தை `--seed` மூலம் ஒரே தொடக்க எண்ணில் நிறுத்தி 50, 100, 200, 400 என்ற எடைகளில் உருவாக்கி ஒப்பிடுவது நல்லது. எடை குறைந்தால் பெயர்ச்சொல்லின் பழைய தோற்றம் தலைதூக்கி, இஞ்சியின் தோலில் ஒளிப்படத்துக்குரிய பளபளப்பு திரும்பும். மிகுந்தால் இஞ்சியின் கணுக்கள் மாதிரிப் பறவையின் இறகு வடிவை ஏற்கத் தொடங்கும். இச்சோதனையை எளிதான பொருளில் செய்து நிறைவடைவது தவறு. தொகுதியிலேயே பாணிக்கு மிகவும் முரண்டுபிடிக்கும் பொருளில், இங்கே மெல்லிய நீண்ட தாள்களையுடைய எலுமிச்சைப்புல்லில், செய்து பார்த்த எடையே நான்குக்கும் பொருந்தும்.

ஒருமை குலைந்திருப்பதைத் தனிப்படத்தில் காண்பது அரிது. படங்கள் அனைத்தையும் சிறிதாக்கி அருகருகே அடுக்கி, முதலில் வண்ணத்தை நீக்கிச் சாம்பல் நிறத்தில் பார்த்தால், ஒன்று மட்டும் மிகக் கருத்திருப்பதோ வெளிறியிருப்பதோ உடனே புலப்படும்; பிறகு முழு அளவில் கோட்டின் தடிமன், நிழலின் திசை, பார்வைக் கோணம் ஆகியவை நோக்கப்படும். இன்னொரு வகைக் குலைவு மெல்ல நிகழ்வது. நன்றாக வந்த படத்தையே அடுத்த படத்துக்கு மாதிரியாகக் கொடுத்தால், அதிலுள்ள சிறு கோணல் பெருகிக்கொண்டே போய், பத்தாவது படத்தில் தொடக்கப் பாணியை அடையாளம் காண இயலாமல் போகலாம். மூல மாதிரிகளுக்கே எப்போதும் திரும்புவதுதான் இதற்கு மருந்து.

இம்முறை காப்பது பாணியை மட்டுமே. விற்கப்படும் பொருளின் அடையாளத்தை அன்று. தேயிலைப் பெட்டியின் மூடி, சின்னம், சிட்டையிலுள்ள எழுத்து ஆகியவற்றைக் கருவியிடம் விட்டால், அவை படத்துக்குப் படம் மாறுவதோடு எழுத்துகளும் சிதையக்கூடும். ஆகவே ஓவியத்தில் இடம் விட்டு, உண்மையான பெட்டியின் படத்தை வடிவமைப்பாளர் பின்னர் பொருத்துகிறார். பிராண்டின் சரியான வண்ண எண்ணையும் கருவி துல்லியமாகப் பின்பற்றுவதில்லை என்பதால், வண்ணத் திருத்தமும் அதே கட்டத்தில் கையால் செய்யப்படுகிறது.

படங்களுக்குப் பதிலாகப் பாணியைக் குறிக்கும் எண்களையும் `--sref` ஏற்கிறது. அவை எழுத எளியவை. ஆனால் அவற்றின் தோற்றம் கருவியின் பதிப்பைச் சார்ந்தது. 2025 ஜூனில் ஏழாம் பதிப்பின் பாணி மாதிரி முறை புதுப்பிக்கப்பட்டபோது, அப்பதிப்பில் முன்பு உருவாக்கிய தோற்றத்தை மீண்டும் பெற `--sv 4` என்று தனியே குறிக்க வேண்டியதாயிற்று. இதனால், ஆண்டுகள் கடந்து ஐந்தாவது சுவையைச் சேர்க்க நினைக்கும் பிராண்ட், மாதிரிப்படக் கோப்புகள், முழுக் கட்டளை வாசகம், எடை, பதிப்பு எண் ஆகியவற்றை ஓரிடத்தில் பதிந்துவைத்திருக்க வேண்டும். அப்பழைய பதிப்பு நிறுத்தப்பட்டிருந்தால், ஐந்தாவதை மட்டும் புதிய பதிப்பில் உருவாக்கி ஒட்டவைப்பதைவிட, அதே மூல மாதிரிகளைக் கொண்டு ஐந்தையும் மறுபடி உருவாக்குவதே தொகுதியின் ஒருமைக்கு உகந்தது.