நீலகிரித் தேயிலை: விற்பனைப் பிரசாரத் திட்டம்

நீலகிரியில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கும் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ட்கோசர்வ் இணையத்தின் கீழ் இயங்குகின்றன. இங்கு தயாராகும் தூளில் பெரும்பகுதி 1963 முதல் நடக்கும் குன்னூர் ஏலத்திலும் பிற ஏலங்களிலும் மொத்தமாக விலைபோய், வேறு நிறுவனங்களின் கலவைக்குள் பெயரில்லாமல் கலந்துவிடுகிறது. சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்க நினைக்கும் தொழிற்சாலை, நிர்வாகக் குழுவின் முன் பிரசாரத் திட்டத்தை வைக்க வேண்டியிருக்கும்.

திட்டத்தின் முதல் பக்கத்தில் வாங்குபவர் யார் என்பது வர வேண்டும். டீக்கடைக்காரருக்குக் கிலோவுக்கு எத்தனை டீ வரும், பால் ஊற்றினால் நிறம் நிற்குமா என்பதே கணக்கு. அவர் வாங்குவது டஸ்ட். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வரும் குடும்பம் தேடுவது மணமுள்ள இலைத் தேயிலை. இருவருக்கும் ஒரே விளம்பரம் எடுத்தால் இருவருமே வாங்க மாட்டார்கள். இங்கே சுற்றுலாக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

கற்பனைத் தொகையாக 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் ஊட்டியிலும் குன்னூரிலும் சுடச்சுடக் கொடுத்துச் சுவைக்க வைக்கும் கடைகளுக்கு, 1.25 லட்சம் பாக்கெட்டுக்கும் அதனுள் வைக்கும் அட்டைக்கும், 1 லட்சம் கைப்பேசி விளம்பரத்துக்கு, 75,000 கைவசம். அட்டைக்கு இவ்வளவா என்று குழுவில் கேட்பார்கள். காரணம் தண்ணீர். மலையின் மென்னீரில் பளிச்சென்று இறங்கிய அதே தேயிலை, சமவெளியின் கடின நீரில் மங்கி, மேலே ஏடு படியும். வாங்கியவர் தூளைத்தான் குறை சொல்வார். எந்தத் தண்ணீர், எத்தனை நிமிடம், பால் வேண்டுமா என்று அட்டை சொன்னால்தான் இரண்டாவது பாக்கெட் விற்கும்.

வெற்றியை அளக்கும் இடத்தில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. மே மாதத்தில் கூட்டமே விற்றுக் கொடுக்கும். அதைப் பிரசாரத்தின் பலன் என்று காட்டக் கூடாது. சுவைக்கக் கொடுக்காத ஒரு கடையை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்து, இரண்டிலும் சென்ற மே மாத விற்பனையிலிருந்து எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். அட்டையைக் கடைக்கொரு நிறத்தில் அச்சிட்டு, தபாலில் மறுபடி கேட்பவரிடம் நிறத்தைக் கேட்டால் எந்தக் கடை நிலையான வாடிக்கையாளரைத் தந்தது என்பது தெரியும்.

கடைசிக் கணக்கு ஏல விலையோடு. பாக்கெட், கமிஷன், தபால் செலவெல்லாம் போக, ஏலத்தைவிடக் கிலோவுக்கு 80 ரூபாய் கூடுதலாக மிஞ்சுவதாக வைத்தால், 5 லட்சத்தை மீட்க 6,250 கிலோ, அதாவது கால் கிலோ பாக்கெட்டுகள் 25,000 விற்க வேண்டும். பிரசாரம் இல்லாமலே விற்றிருக்கக்கூடியவை இதில் சேராது.