ரொக்க அடிப்படையும் அக்ரூவல் அடிப்படையும்

வருமானத்தையும் செலவையும் எந்த நாளில் கணக்கில் ஏற்றுவது என்பதற்கு இரு முறைகள் உண்டு. பணம் கைமாறும் நாளில் பதிவது ரொக்க அடிப்படை. பணம் எப்போது வந்தாலும் போனாலும், அது எந்தக் காலத்துக்கு உரியதோ அந்தக் காலத்தின் கணக்கில் சேர்ப்பது அக்ரூவல் அடிப்படை. இதை மெர்க்கன்டைல் முறை என்றும் சொல்வார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டு முடிவில்தான் வெளிப்படும். அக்டோபர் 1 அன்று திறந்த ஒரு கடை, அன்றே 12 மாத வாடகையாக ரூ.1,20,000 கட்டிவிடுகிறது, மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கிறது. வாடகைக்கு முந்தைய லாபம் ரூ.3,00,000 என்று கொள்வோம். ரொக்க அடிப்படையில் வாடகை முழுவதும் செலவாகி, லாபம் ரூ.1,80,000 ஆகும். ஆனால் கடை அனுபவித்தது 6 மாத இடவசதியை மட்டுமே. அக்ரூவல் அடிப்படையில் ரூ.60,000 மட்டும் செலவு, லாபம் ரூ.2,40,000. எஞ்சிய ரூ.60,000 இன்னும் பயன்படுத்தாத உரிமை என்பதால் அது சொத்து.

கட்டிய நாளில் முழுத் தொகையும் வாடகைக் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருந்தால், மார்ச் 31 அன்று எழுத வேண்டிய சரிக்கட்டுப் பதிவு இது:

முன்கூட்டிச் செலுத்திய வாடகை க/கு – பற்று ரூ.60,000
வாடகை க/கு – வரவு ரூ.60,000

இதன்பின் லாப நட்டக் கணக்கில் வாடகை ரூ.60,000 ஆகக் குறையும். இருப்புநிலைக் குறிப்பில் நடப்புச் சொத்துகளின் கீழ் மற்ற ரூ.60,000 நிற்கும். புது ஆண்டின் தொடக்கத்தில் இதே பதிவைத் திருப்பி எழுதி, தொகையை வாடகைக் கணக்குக்கே கொண்டுவர வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். விட்டுவிட்டால் பயன்படுத்தி முடித்த வாடகை சொத்தாகவே தொங்கும்; அந்த ஆண்டின் லாபமும் ரூ.60,000 கூடித் தெரியும். கண்டுபிடிப்பது எளிது: மாத வாடகையை, கடை அந்த இடத்தில் இருந்த மாதங்களால் பெருக்கினால் வரும் தொகை லாப நட்டக் கணக்கில் உள்ள வாடகையோடு ஒத்துப்போக வேண்டும்.

தமிழ்நாட்டில் கட்டட உரிமையாளரிடம் கொடுக்கும் ‘அட்வான்ஸ்’ இதில் சேராது. காலி செய்யும்போது திரும்பப் பெறும் தொகை வைப்புத்தொகை. மாதந்தோறும் அது கரைவதில்லை, ஆகவே சரிக்கட்டும் தேவையில்லை.

கையிருப்பு எவ்வளவு என்று அறிய ரொக்க முறை போதும். ஆண்டின் லாபத்தை அளக்க அது போதாது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 128ஆம் பிரிவு, நிறுமங்கள் அக்ரூவல் அடிப்படையில் இரட்டைப் பதிவு முறையிலேயே ஏடுகளை வைக்க வேண்டும் என்கிறது.