பன்றிச் சுரப்பியும் டி3 கேள்வியும்

தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்ஸின், அதாவது டி4, மட்டும் எடுத்துக்கொள்வோரில் ஒரு பகுதியினர், இரத்தத்தில் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்த பிறகும் அசதியும் மறதியும் விடவில்லை என்கிறார்கள். இவர்களுடைய குறையைக் கற்பனை என்று ஒதுக்குவது தவறு. ஆனால் இந்தக் குறையிலிருந்து இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. விவாதங்களில் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சிலருக்கு டி4 மட்டும் போதாமல் டி3-யும் தேவைப்படுகிறதா என்பது ஒன்று. அப்படித் தேவைப்பட்டால், உலர்த்திப் பொடித்த பன்றித் தைராய்டு அதற்கு ஏற்ற மருந்தா என்பது மற்றொன்று. முதல் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இரண்டாவதற்கு, ஏற்றதல்ல என்ற பதிலைத் தரும் அளவுக்கு இப்போதே ஆதாரம் இருக்கிறது.

1891-இல் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்தியதிலிருந்து பல பத்தாண்டுகள் விலங்குச் சுரப்பியே இந்நோய்க்கு மருந்தாக இருந்தது. தைராய்டே இயங்காதவர்களின் உடலும் டி4-ஐ டி3-ஆக மாற்றிக்கொள்கிறது என்று 1970-இல் பிரேவர்மனும் இங்பாரும் ஸ்டெர்லிங்கும் காட்டினார்கள். டி4 மட்டும் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அது அடித்தளமானது. ஆனால் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளில் டி4-ஐ மட்டும் செலுத்தி எல்லாத் திசுக்களிலும் டி3-ஐ ஒரே சமயத்தில் இயல்பு நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை என்று 1990-களில் எஸ்கோபார்-மோரியாலேயின் குழு கண்டது. ஆகவே கூட்டு மருந்து என்ற எண்ணத்துக்கு உயிரியல் அடிப்படை உண்டு.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் அவ்வளவு தெளிவாக இல்லை. 1999-இல் புனேவிசியஸ் குழு 33 பேருக்கு டி4-இல் 50 மைக்ரோகிராமைக் குறைத்து 12.5 மைக்ரோகிராம் டி3 கொடுத்தபோது மனநிலை மேம்பட்டது. அதன் பின் வந்த சோதனைகளில் பெரும்பாலானவை அதை உறுதிசெய்யவில்லை. 11 சோதனைகளை ஒன்றாக அலசிய 2006-ஆம் ஆண்டு ஆய்வும் வேறுபாடு காணவில்லை. என் பார்வையில் இந்த முடிவுகளில் ஒரு பலவீனம் இருக்கிறது. பல சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள், டி4-இலேயே நலமாக இருப்பவர்களும் கலந்த கூட்டம். குறையே இல்லாதவரிடம் முன்னேற்றத்தை அளக்க முடியாது.

பன்றிச் சுரப்பியை ஆதரிப்போர் காட்டும் வலுவான சான்று 2013-இல் ஹோவாங் குழு நடத்திய சோதனை. 70 பேர், எது எந்த மருந்து என்று தெரியாமல், இரண்டையும் பதினாறு வாரம் வீதம் எடுத்தார்கள். 49 சதவீதம் பேர் பன்றிச் சுரப்பியையும், 19 சதவீதம் பேர் டி4-ஐயும் விரும்பினார்கள். இந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அறிகுறிகளையும் நினைவாற்றலையும் அளந்த தேர்வுகளில் மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை. சுரப்பிப் பொடியில் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. விருப்பத்தில் அந்த எடைக் குறைவுக்குப் பங்கு இருந்திருக்கலாம். 2021-இல் ஷகீர் குழு டி4, டி4-உடன் டி3, சுரப்பிப் பொடி ஆகிய மூன்றையும் 75 பேரிடம் ஒப்பிட்டது. மொத்தத்தில் வேறுபாடு இல்லை. அறிகுறிகள் மிகுந்திருந்த மூன்றிலொரு பங்கினரோ டி3 உள்ள இரண்டு மருந்துகளிலும் நலம் கண்டார்கள். பயன் உண்டென்றால் அது டி3-ஆல் வருவது, பன்றியால் அல்ல என்றே இதை நான் வாசிக்கிறேன்.

பொடியின் சிக்கல் அதன் விகிதத்தில் இருக்கிறது. மனிதச் சுரப்பி டி3-ஐப் போல ஏறத்தாழ 14 மடங்கு டி4-ஐச் சுரக்கிறது. பன்றிச் சுரப்பியில் அது நான்கு மடங்குதான். ஒரு கிரெய்ன், அதாவது 60 மில்லிகிராம் பொடியில், சுமார் 38 மைக்ரோகிராம் டி4-உம் 9 மைக்ரோகிராம் டி3-உம் உள்ளன. தினமும் 100 மைக்ரோகிராம் டி4 எடுக்கும் ஒருவரைக் கூட்டு மருந்துக்கு மாற்றினால், 2012-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலின் கணக்குப்படி 85 மைக்ரோகிராம் டி4-உம் 5 மைக்ரோகிராம் டி3-உம் தேவை. அவருக்கே ஒன்றரை கிரெய்ன் பொடி கொடுத்தால் டி4 57-ஆகக் குறையும், டி3 13.5-ஆக ஏறும். மாத்திரையைக் கூட்டிக் குறைத்தாலும் விகிதம் மாறாது.

பரிசோதனைத் தாளில் இது வேறொரு வழியில் ஏமாற்றும். டி3 விழுங்கிய சில மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிவிடும். காலையில் மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்தால் அந்த உச்சம் கண்ணில் படாது; டி4 மட்டும் குறைவாகத் தெரியும். டி4-ஐச் சரிசெய்ய அளவைக் கூட்டினால் டி3 மிகையாகும். முதியவர்களுக்கு அதனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். கர்ப்ப காலத்தில் கவலை இன்னும் பெரிது: கருவின் மூளை தாயின் டி4-ஐயே நம்பியிருக்கிறது, பொடி குறைப்பதும் அதைத்தான்.

சுரப்பி இயற்கையானது, அதில் வேறு பொருள்களும் இருக்கின்றன என்பார்கள். அப்பொருள்களால் நோயாளிக்கு நன்மை என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. இயற்கை என்பது சீரான அளவையும் தருவதில்லை: 2020-இல் அமெரிக்காவில் ஒரு பன்றிச் சுரப்பி மருந்தின் சில தொகுதிகள் டி3 மிகுந்திருந்ததால் திரும்பப் பெறப்பட்டன.

டி3-ஐத் தனி மாத்திரையாகச் சேர்த்தால் இரண்டு அளவுகளையும் தனித்தனியே மாற்றலாம். அப்போதும் முதலில் இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு போன்ற பிற காரணங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளையும் துடிப்புக் கோளாறு உள்ளவர்களையும் விலக்க வேண்டும். டி3-ஐ இரண்டு வேளையாகப் பிரித்து, பெரிய பங்கை இரவில் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் பயன் தெரியாவிட்டால் டி4-க்கே திரும்ப வேண்டும்.