மார்க்வெஸ் என்பது யாருடைய பெயர்?

‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் ஆசிரியரைத் தமிழ் இலக்கியக் கட்டுரைகள் ‘மார்க்வெஸ்’ என்றே குறிப்பிடுகின்றன. ஆய்வேடுகளின் நூற்பட்டியல்களிலும் அவர் பெரும்பாலும் ‘ம’ வரிசையில்தான் இடம்பெறுகிறார். ஆனால் கொலம்பியாவில் ஒருவர் ‘சென்யோர் மார்க்வெஸ்’ என்று சொன்னால், கேட்பவருக்கு அந்த எழுத்தாளரின் தாய்வழிப் பாட்டனாரோ தாய்மாமனோ நினைவுக்கு வரக்கூடும். எழுத்தாளர் நினைவுக்கு வரமாட்டார். அவர் கார்சியா, முழுமையாகச் சொன்னால் கார்சியா மார்க்வெஸ்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு. முதலாவது தந்தையின் முதற் குடும்பப்பெயர். இரண்டாவது தாயின் முதற் குடும்பப்பெயர். இட்ட பெயரை அடுத்து இவ்விரண்டும் இதே வரிசையில் நிற்கும். ஆங்கிலேய வழக்கில் பெயரின் கடைசிச் சொல்லே குடும்பப்பெயர் என்பதால், அதற்கு முன் நிற்பதை நடுப்பெயர் என்று கருதிவிடும் பழக்கம் நம் நூலகங்களுக்கும் வந்துவிட்டது. ஸ்பானியப் பெயரில் இந்தக் கணக்கு நேர்மாறாக முடிகிறது: தள்ளிவிடக்கூடாததைத் தள்ளிவிட்டு, பேச்சில் விட்டுவிடக்கூடியதைப் பிடித்துக்கொள்கிறோம்.

அந்த எழுத்தாளரின் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால் இம்முறையின் ஓட்டம் தெளிவாகும். தாய் லூயிசா சந்தியாகா மார்க்வெஸ் இகுவாரான். அவருடைய தந்தை கர்னல் நிக்கோலாஸ் மார்க்வெஸ் மெஹியா. தாய் த்ரான்கிலினா இகுவாரான் கோத்தெஸ். இருவரின் முதற்பெயர்களும் சேர்ந்து மகளின் இரட்டைப் பெயராயின. லூயிசாவின் மகனுக்கு மார்க்வெஸ் என்பது மட்டும் வந்தது, இகுவாரான் நின்றுவிட்டது. பின்னர் அது நாவலில் ஊர்சுலா இகுவாரானின் பெயராக மீண்டும் தோன்றியது. எழுத்தாளரின் மனைவி மெர்சேதெஸ் பார்ச்சா பார்தோ. இவர்களுடைய மகன்கள் ரோத்ரிகோ கார்சியா பார்ச்சா, கொன்சாலோ கார்சியா பார்ச்சா. திரைப்பட இயக்குநராக அறியப்படும் மகன் ரோத்ரிகோ கார்சியா என்றே பெயரிட்டுக்கொள்கிறார். உலகம் முழுவதும் தந்தைக்குரிய பெயராக எண்ணும் ‘மார்க்வெஸ்’ மகன்களிடம் இல்லை. தாயின் பெயர் ஒரு தலைமுறை உடன்வந்து, அடுத்ததில் உதிர்ந்துவிடுகிறது. இம்முறையைத் தாய்க்கும் தந்தைக்கும் சமமான முறை என்று புகழ்வோர் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. எழுத்தாளரின் தந்தை கப்ரியேல் எலிஹியோவின் பெற்றோர் மணமாகாதவர்கள். அவருடைய தந்தை மார்த்தினெஸ் குடும்பத்தவர். தாய் அர்ஹெமிரா கார்சியா. தாயின் பெயரையே மகன் தன் முதற் குடும்பப்பெயராகக் கொண்டார். ஆகவே, தந்தைவழியாக வந்தது என்று நாம் கொள்ளும் ‘கார்சியா’ உண்மையில் ஒரு பாட்டியின் பெயர். பெற்றோர் இருவரின் பெயரும் உரிய வரிசையில் நிற்பது முறையான மணத்தின் சான்றாகப் பார்க்கப்பட்ட சமூகத்தில், இப்பெயரே ஒருவரின் பிறப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். கர்னலின் வீட்டார் அவரை மருமகனாக ஏற்கத் தயங்கியதற்கு அவருடைய பிறப்பும் ஒரு காரணம்.

அழைக்கும் முறைக்கு வருவோம். ‘சென்யோர்’, ‘சென்யோரா’ என்ற மரியாதைச் சொற்கள் குடும்பப்பெயரோடு சேரும். ‘தோன்’, ‘தோன்யா’ என்பவை இட்ட பெயரோடு சேரும். எனவே ‘சென்யோர் கார்சியா’ சரி, ‘சென்யோர் கார்சியா மார்க்வெஸ்’ இன்னும் முறையானது, ‘தோன் கப்ரியேல்’ மரியாதையும் நெருக்கமும் கலந்தது. ‘தோன் கார்சியா’ என்பது வழக்கில் இல்லை. திருமணத்தால் பெண்ணின் சட்டப்பெயர் மாறுவதில்லை; மெர்சேதெஸ் இறுதிவரை பார்ச்சாதான். கணவன் பெயரை ‘தெ’ என்ற இடைச்சொல்லோடு சேர்த்துச் சொல்லும் சமூக வழக்கம் லத்தீன் அமெரிக்காவில் இருந்தது. 

இவ்வளவு தெளிவான விதியிருக்க, லோர்காவை ஏன் லோர்கா என்கிறார்கள் என்ற கேள்வி எழும். ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் தந்தையும் கார்சியாதான். ஸ்பெயினில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் அது. அதைத் தனியே சொன்னால் யாரையும் குறிக்காது. முதற்பெயர் மிகப் பொதுவாகவும் இரண்டாம் பெயர் அரிதாகவும் இருந்தால், பேச்சு வழக்கு இரண்டாவதைப் பற்றிக்கொள்ளும். 2004 முதல் 2011 வரை பிரதமராக இருந்த ஹோசே லூயிஸ் ரோத்ரிகெஸ் சபாத்தேரோவை நாளிதழ்கள் சபாத்தேரோ என்றே அழைத்தன. பாப்லோ ரூயிஸ் பிக்காசோ தன் ஓவியங்களில் தாயின் பெயரையே கையொப்பமாக்கினார். ஆயினும் இவ்வழக்குப் பேச்சுக்கும் புகழுக்கும் உரியது. அகரவரிசைப் பட்டியலில் லோர்கா ‘கார்சியா லோர்கா’ என்றே இடம்பெறுவார்.

வெலாஸ்கெஸையும் கோங்கோராவையும் இந்த விதிவிலக்குகளோடு சேர்ப்பது காலப்பிழை. செவில்யாவில் 1599இல் பிறந்த ஓவியர் வெலாஸ்கெஸின் தந்தை ரோத்ரிகெஸ் தெ சில்வா. வெலாஸ்கெஸ் என்பது தாயின் பெயர். கவிஞர் கோங்கோராவின் தந்தை அர்கோத்தே, தாய் கோங்கோரா. கோர்தோபா பேராலயத்தில் தாய்மாமன் வகித்த பதவி பின்னர் கவிஞருக்கு வந்தது. அந்த வீட்டுப் பெயரை முன்னிறுத்துவதில் நடைமுறைப் பயனும் இருந்தது. அன்று மீறுவதற்கு விதியே இல்லை. உடன்பிறந்தோர் வெவ்வேறு குடும்பப்பெயர் கொள்வதும், சொத்தோ மதிப்போ உள்ள பாட்டியின் பெயரை எடுத்துக்கொள்வதும் இயல்பாக இருந்தன. காஸ்தீலிய மேற்குடியினரிடம் பரவிய இரட்டைப்பெயர் வழக்கத்தை 1870ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தொகுப்பும்தான் அனைவருக்குமான விதியாக இறுக்கின.

ஆய்வாளர்கள் தடுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. நரம்பியலாளர் சந்தியாகோ ராமோன் இ கஹாலின் பெயரில் ‘ராமோன்’ இட்ட பெயர்போலத் தோன்றும். அது அவருடைய தந்தையின் குடும்பப்பெயர். இடையில் வரும் ‘இ’ என்பது ‘மற்றும்’ எனப் பொருள்படும். தந்தை பெயர் எங்கே முடிகிறது என்பதை அதுவே காட்டுகிறது. ஓர்த்தேகா இ கசேத்தும் அவ்வாறே. அவரை ஓர்த்தேகா என்று சுருக்கலாம், கசேத் என்று சுருக்கலாகாது. வரலாற்றாசிரியர் கிளாவ்தியோ சான்செஸ்-அல்போர்னோஸிடம் இணைகோடு உள்ளது. அங்கே இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரே முதற்பெயர். தாயின் பெயரான மெந்துயின்யா அதன்பின் வரும். மறுபுறம், ஹோசே மரியா என்பது ஆணுக்குரிய இரட்டை இட்ட பெயர். ‘மரியா’வைக் குடும்பப்பெயராகக் கொள்ளலாகாது. ஐயம் வந்தால் பெற்றோரின் பெயர்களைப் பார்ப்பதே உறுதியான வழி.

அந்த வழிக்கும் இப்போது எல்லை வந்துவிட்டது. பெற்றோர் உடன்பட்டால் தாயின் பெயரை முன்னே வைக்கலாம் என்று ஸ்பெயின் 1999இல் அனுமதித்தது. 2017 முதல் தந்தையின் பெயருக்கு இயல்பான முன்னுரிமையும் இல்லை; வரிசையைப் பெற்றோரே பதிவின்போது தெரிவிக்க வேண்டும். அவர்கள் உடன்படாவிட்டால் குழந்தையின் நலன் கருதிப் பதிவு அலுவலர் முடிவுசெய்வார். முதற் குழந்தைக்குக் கொண்ட வரிசையே அதே பெற்றோரின் அடுத்த குழந்தைகளுக்கும் பொருந்தும். முன்னே நிற்பது யார் வழிப் பெயர் என்பதை இனிப் பெயரைக் கொண்டு ஊகிக்க முடியாது. ‘சென்யோர்’ என்பதன்பின் வரவேண்டியது மட்டும் இன்னும் அந்த முன்னே நிற்கும் பெயர்தான்.