இரண்டரை சதவீதத்துக்குள் எது அடங்கும்? நாஞ்சில் நாட்டுக் கிட்டங்கி மதிப்பீடுகளில் அனுமானம், விலக்கு, எதிர்பாராச் செலவு

கட்டட மதிப்பீடு படித்தவர்களுக்குப் பி. என். தத்தாவின் பாடநூலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலிடெக்னிக் மாணவர் முதல் நிர்வாகப் பொறியாளர் வரை பலருக்கும் 'கண்டிஜென்சி' என்றால் அந்த நூல் சொன்னதுதான்: எந்தத் தனி இனத்திலும் அடங்காத, ஆனால் மொத்த வேலையைச் சார்ந்த சில்லறைச் செலவு; அதற்காக மதிப்பீட்டின் மேல் 3 முதல் 5 சதவீதம். வேலைசார் பணியாளர் செலவை அவர் தனியாக, ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் என்று வைக்கிறார். கண்டிஜென்சியில் மிச்சம் இருந்தால் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு கூடுதல் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்றும் சேர்க்கிறார்.

இந்த விளக்கம் தவறு என்பதல்ல என் வாதம். அரசுத் துறையில் நடந்ததை அது நேர்மையாகவே பதிவு செய்கிறது. ஆனால் அந்த விளக்கத்தில் கண்டிஜென்சிக்கும் மதிப்பீட்டின் அனுமானங்களுக்கும் இடையே ஒரு கயிறுகூட இல்லை. நில அளவு, மண், கல் வரும் தூரம் எதுவாக இருந்தாலும் சதவீதம் மாறாது. வேலையில் நிச்சயமின்மை எங்கே இருக்கிறது என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. சில்லறைச் செலவை வேலையின் மொத்தத்தோடு பொருத்துவது சரி. மண்ணுக்கடியில் தெரியாமல் கிடப்பதை அப்படிப் பொருத்த முடியாது. அது வேலையின் அளவைப் பொறுத்ததல்ல, நாம் பார்க்காமல் விட்டதைப் பொறுத்தது. தத்தா இந்த இரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்துவிட்டார். 'மிச்சம்' என்ற அவருடைய சொல்லே இதைக் காட்டிக்கொடுக்கிறது. கூடுதல் வேலைக்கு அவர் காட்டும் பணம் சில்லறை போக மீந்தது. கூடுதல் வேலை வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தது அல்ல.

மறுதரப்பில், அமெரிக்கச் செலவுப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை நெறி 34R-05 மதிப்பீட்டின் அடிப்படை ஆவணத்தைத் தனி ஆவணமாகவே வரையறுக்கிறது. நோக்கம், வடிவமைப்பு நிலை, விலை மூலம், அனுமானங்கள், விலக்குகள், இடர்கள், எதிர்பாராச் செலவு ஆகியவை அதில் அடுத்தடுத்து வரும். அங்கே எதிர்பாராச் செலவு என்பது இன்னும் தீர்மானமாகாத, ஆனால் அனுபவப்படி வரக்கூடிய செலவுக்கான தொகை. பெரிய நோக்க மாற்றம், இயற்கைப் பேரிடர், விலையேற்றம் ஆகியவை அதில் சேராது. இதைப் படித்தவர் நம் துறைக் கோப்புகளில் இப்படி எதுவுமே இருந்ததில்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதையும் நான் ஏற்கவில்லை.

நம் கோப்பில் இதன் பகுதிகள் சிதறிக் கிடக்கின்றன. மதிப்பீட்டின் முகப்பில் வரும் அறிக்கை அனுமானங்களைச் சொல்கிறது: இடம், அடித்தள வகை, எந்த ஆண்டின் விலைவிகிதப் பட்டியல். லீட் ஸ்டேட்மென்ட் இன்னொரு அனுமானம். மண் எந்தக் குழியிலிருந்து, ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து, எத்தனை கிலோமீட்டர் என்பதை அது வரிவரியாகச் சொல்லும். விலக்குகள் மட்டும் எழுதப்படாமலே இருக்கின்றன. பட்டியலில் இல்லாதது விலக்கு என்பது எழுதா விதி. நஞ்சைக்கு நடுவே கிட்டங்கி வந்தால் லாரி உள்ளே போகக் கால்வாய்மேல் ஒரு சிறு பாலம் வேண்டும். அது கட்டட மதிப்பீட்டிலும் இருக்காது, அணுகுசாலை மதிப்பீட்டிலும் இருக்காது. இரண்டு மதிப்பீட்டாளரும் மற்றவர் சேர்த்திருப்பார் என்று நினைத்திருப்பார்கள். விலக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒப்புதல் தருபவர் கேள்வி கேட்டிருப்பார்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு தனித்த வரலாறு உண்டு. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அன்று முதல் சென்னை மாநிலத்தின் துறை வழக்கங்கள் இங்கே வந்தன. கிட்டங்கிகளுக்கான சட்ட அடிப்படையும் அதே ஆண்டில்தான் வந்தது. கிராமக் கடன் ஆய்வுக் குழு 1954இல் தந்த பரிந்துரையைத் தொடர்ந்து, வேளாண் விளைபொருள் (மேம்பாடு மற்றும் சேமிப்புக் கிடங்கு) நிறுவனங்கள் சட்டம் 1956இல் நிறைவேறியது. மத்தியக் கிடங்கு நிறுவனம் 1957இலும் சென்னை மாநிலத்தின் கிடங்கு நிறுவனம் 1958இலும் தோன்றின. பத்தாயமும் குதிரும் வீட்டுக்குள் இருந்த காலத்தில் அவற்றின் செலவு தச்சருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே முடிந்துவிடும். பொதுப்பணத்தில் கட்டும் கிட்டங்கிதான் எழுதப்பட்ட மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

அப்படி வந்த சென்னை வழக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. தத்தாவை வாசித்துப் பழகிய கண் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடும். நம் மதிப்பீட்டின் அப்ஸ்ட்ராக்ட்டில், ஒப்பந்தத்துக்குப் போகும் முதல் பகுதிக்குப் பின், துறையின் கையில் நிற்கும் இரண்டாம் பகுதியில், 'பெட்டி சூப்பர்விஷன் மற்றும் கண்டிஜென்சி, 2.5 சதவீதம்' என்று வருகிறது. தத்தா தனித்தனியாக வைத்த இரண்டும் இங்கே ஒரே வரியில், ஒரே சதவீதத்தில் சேர்ந்திருக்கின்றன. மத்தியப் பொதுப்பணித் துறை வேலையின் அளவுக்கேற்ப 3 அல்லது 5 சதவீதத்தைக் கண்டிஜென்சிக்கு மட்டும் வைக்கும்போது, இங்கே அதைவிடக் குறைந்த தொகையில் இரண்டு பேர் பங்காளிகள்.

இந்தச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை. சில்லறை மேற்பார்வை நிச்சயச் செலவு: காவலாளும் மேஸ்திரியும் வேலை தொடங்கிய நாளிலிருந்து கூலி வாங்குவார்கள். எதிர்பாராச் செலவோ வரும்போதுதான் வரும், பெரும்பாலும் வேலையின் நடுவில். ஆக, முதலில் வருபவர் சாப்பிட்டது போக மிஞ்சியதுதான் மற்றவருக்கு. கிட்டங்கியின் தரை ஒரு பக்கம் இறங்கத் தொடங்கும்போது அந்த வரியில் ஒரு பங்கு ஏற்கெனவே கூலியாகப் போயிருக்கும்.

இரண்டும் ஒரே வரியில் எப்போது சேர்ந்தன என்பதற்கு ஆண்டு குறிப்பிட என்னால் முடியவில்லை. ஆனால் காரணத்தை ஊகிக்கலாம், அந்த ஊகத்தை நான் வலுவாகவே முன்வைக்கிறேன். துறையே ஆள் பிடித்துத் தினக்கூலிக்கு வேலை செய்த காலத்தில் மேற்பார்வையும் எதிர்பாராததும் ஒன்றுக்குள் ஒன்று. மண் இறங்கினால் அதே மேஸ்திரி அதே ஆட்களை வைத்து மறுபடி இடித்து நிரப்புவார். கூடுதலாகச் செலவாவது கூலி மட்டுமே. ஒப்பந்த முறை வந்தபின் எதிர்பாராதது கூலியாக வருவதில்லை, கூடுதல் இனமாக வருகிறது. வரி மட்டும் பழைய உலகத்திலேயே நின்றுவிட்டது. இதற்கு நேர்ச் சான்று குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், ஒப்பந்த வேலைக்காகப் புதிதாக யோசித்த ஒருவர் இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருப்பார் என்று நம்புவது அதைவிடக் கடினம்.

கணக்குக்காக ஒரு கிட்டங்கியை எடுத்துக்கொள்வோம். 5,000 டன், மூன்று அறைகள், உட்பரப்பு 125.55 மீட்டருக்கு 21.34 மீட்டர், உணவு தானியக் கிட்டங்கிகளுக்குப் பழக்கமான மாதிரி. தரைப்பரப்பு ஏறத்தாழ 2,679 சதுர மீட்டர். இடம், சாலையோர நஞ்சை. மதிப்பீடு 3 கோடி ரூபாய் என்று வைத்தால் நம் 2.5 சதவீதம் 7.5 லட்சம். காவலாளுக்கும் மேஸ்திரிக்கும் மாதம் 15,000 வீதம் பத்து மாதம் என்றால் 3 லட்சம் போய்விடும். மிச்சம் 4.5 லட்சம்.

அறிக்கையில் 'இயற்கைத் தரைமட்டம் உறுதியானதாகக் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி. அதன்படி பீடம் 80 சென்டிமீட்டர் உயர்த்த 2,143 கன மீட்டர் மண் போடப்பட்டிருக்கும். ஆனால் நாஞ்சில் நாட்டு வயலில் மட்டம் எடுக்கும் நாள் எது என்பது பெரிய விஷயம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் வயலில் நிற்கும் மாதங்களில் தண்ணீருக்குள் கருவியை நட யாரும் இறங்கமாட்டார்கள். வரப்பிலும் சாலை ஓரத்திலும் மட்டம் எடுத்துவிட்டு வருவதுண்டு. வேலை தொடங்கும்போது வயலின் மேல்சேறு 45 சென்டிமீட்டர் ஆழம் என்று தெரியவந்தால் அதை அள்ளி வெளியேற்றி, நல்ல மண் போட்டு அழுத்த வேண்டும். 1,206 கன மீட்டர். அள்ளுவதும் நிரப்புவதும் சேர்த்துக் கன மீட்டருக்கு 600 ரூபாய் என்றால் 7.2 லட்சத்துக்கு மேல். மிச்சமிருக்கும் 4.5 லட்சம் ஒரே அனுமானத்தில் கரைந்துவிடுகிறது. முற்றத்தையும் லாரி திரும்பும் இடத்தையும் இன்னும் தொடவே இல்லை.

இந்த இடத்தில் தத்தாவின் வழியில் போனால் சதவீதத்தை ஐந்தாக்கு என்பார்கள். அதிலும் பிழை இருக்கிறது. அறுவடைக்குப் பின் வயல் காய்ந்திருக்கும்போது, ஒரு அறைக்கு ஒரு குழி வீதம் மூன்று சோதனைக் குழிகள் ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டினால், சேறு எத்தனை ஆழம் என்பது தெரிந்துவிடும். தெரிந்தபின் அது எதிர்பாராத செலவு அல்ல, அளவுப் பட்டியலின் ஒரு இனம். மூன்றும் ஒத்துப்போனால் தொகை இனத்துக்கு நகரும், கண்டிஜென்சி குறையும். ஒரு குழியில் 20, இன்னொன்றில் 60 என்று வந்தால் சராசரியை இனமாக வைத்து, வித்தியாசத்தைக் கண்டிஜென்சியில் வைக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குப் பதில் இருக்கும்.

இதே கயிறு மற்ற அனுமானங்களுக்கும் போகும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. மண்குழிக்கு அனுமதி கிடைக்காமல் லீட் கூடினால் அது அனுமானம் தவறிய செலவு. லீட் ஸ்டேட்மென்ட்டில் இரண்டாவது குழியையும் எழுதிவைத்தால் வித்தியாசத்தைக் கணக்கிடலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஜூனிலும் அக்டோபரிலும் மண்வேலை நிற்பது எதிர்பாராதது அல்ல; அது கால அட்டவணையில் இருக்க வேண்டியது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயல் போன்றது மதிப்பீட்டுக்கு வெளியே, விலக்குப் பட்டியலில், காப்பீட்டின் பக்கம். மழையையும் புயலையும் ஒரே தொகைக்குள் போட்டால் இரண்டுக்கும் போதாது.

34R-05ஐ அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடலாம் என்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. அதன் கூட்டாளியான வகைப்பாட்டு நெறி, மூன்றாம் வகை மதிப்பீட்டில் செலவு மேல்பக்கம் 10 முதல் 30 சதவீதம் வரை தாண்டலாம் என்கிறது. அதுவும் கண்டிஜென்சியைச் சேர்த்தபின். ஆலைக் கட்டுமானத்துக்காக எழுந்த அந்த வரம்பை ஒரு தானியக் கிட்டங்கிக்கு வைத்தால் எந்த அதிகாரியும் கையெழுத்திடமாட்டார், இடவும் வேண்டாம். கிட்டங்கியின் கூரையும் சுவரும் பலமுறை கட்டப்பட்டவை, அவற்றில் நிச்சயமின்மை சிறிது. கனமெல்லாம் தரைமட்டத்துக்குக் கீழேயும் லாரி வரும் வழியிலும்தான்.

நடைமுறைத் தடை வேறிடத்தில் இருக்கிறது. கண்டிஜென்சி ஒப்பந்தக்காரர் பார்க்காத இரண்டாம் பகுதியில் நிற்கிறது; அறிக்கையோ கோப்போடு பல கைகளுக்குப் போகிறது. 'சேறு ஆழத்துக்காக இத்தனை லட்சம்' என்று அறிக்கையில் எழுதினால், அது எப்படியாவது வெளியே தெரிந்து அத்தனைக்கும் பில் வரும் என்று பொறியாளர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. அதனால் அனுமானத்தையும் அதன் அளவையும் அறிக்கையில் எழுதி, தொகையை மட்டும் இரண்டாம் பகுதியில், சில்லறை மேற்பார்வையிலிருந்து பிரித்த தனி வரியில் வைப்பதுதான் இப்போதைக்கு வழி. பிரிந்த அந்த வரி அனுமானத்தின் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். எம்-புக்கில் சேற்றின் ஆழம் பதிவாகும் நாளில் எந்த வரியில் எடுப்பது என்று தணிக்கையாளரோடு தகராறு வராது.